ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்பட்டுவிட்டதா? அறிகுறி பார்த்து வெளியேறும் வழி

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை சிறு கடைகளுக்கும் விடுதிகளுக்கும் கணக்கு எழுதுவது என் தொழில். வருடக் கணக்கை விரித்தால் யாரும் வேண்டுமென்று கேட்காத ஏதோ ஒரு சந்தா உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். முதலாளியைக் கேட்டால் "அதை எப்பவோ நிப்பாட்டியாச்சே" என்பார். காசு மட்டும் போய்க்கொண்டே இருக்கும். திரும்பத் திரும்ப இதே கோளாறைச் சரிசெய்ததில் ஒரு ஒழுங்கு பிடிபட்டிருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கீழே உங்கள் அறிகுறிக்குப் போகுமுன் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். காசு போகும் வழியை அடைப்பது ஒரு வேலை, ஒப்பந்தத்தை முடிப்பது இன்னொரு வேலை. கார்டை பிளொக் பண்ணினால் காசு நிற்கும், ஆனால் ஒப்பந்தம் இருக்கும், நிலுவை ஏறும். ஒப்பந்தத்தை முடித்தாலும் வங்கிக்குக் கொடுத்த கட்டளை தானாக நிற்காது. பெரும்பாலான தலையிடிகள் இரண்டில் ஒன்றை மட்டும் செய்ததால் வந்தவை.

## அறிகுறி: ரீலோட் போட்டால் கரைகிறது

முதலில் இது சந்தாதானா என்று பாருங்கள். மீதியைக் குறித்துவைத்துவிட்டு, மொபைல் டேட்டாவை அணைத்து, போனை ஒரு இரவு அப்படியே விடுங்கள். காலையில் மீதி மாறவில்லை என்றால் தினசரிச் சந்தா இல்லை. டேட்டா பக்கேஜ் முடிந்தபின் சாதாரண விலைக்கு இன்டர்நெட் ஓடியிருக்கும். ரீலோட் போட்ட உடனேயே ஒரு தொகை கழிந்தால், முன்பு கம்பனியிடம் லோன் எடுத்திருப்பீர்கள். வீட்டில் பிள்ளைகள் எடுத்திருந்தாலும் கழிவது உங்கள் ரீலோட்டில்தான்.

இரவு முழுக்க ஒன்றும் செய்யாமலே சில ரூபாய்கள் குறைந்திருந்தால் அதுதான் ஆள். கிரிக்கெட் செய்தி, ராசிபலன், ரிங்கிங் டோன், கேம் என்று தினமும் புதுப்பிக்கப்படும் மதிப்புக்கூட்டு சேவை ஒன்று ஒட்டியிருக்கிறது. கம்பனியின் அப்பிலோ வாடிக்கையாளர் இலக்கத்திலோ "என் இலக்கத்தில் இயங்கும் எல்லா மதிப்புக்கூட்டு சேவைகளையும் வாசியுங்கள்" என்று கேளுங்கள். ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்தினால் மற்றது மிஞ்சும். எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கம் ஒன்றை வாங்கி எழுதிவையுங்கள். அதற்குப் பிறகும் கழிந்தால், அந்த இலக்கத்தோடு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் 1900ஐ அழையுங்கள். கம்பனியிடம் முதலில் முறைப்பட்டதற்கு அத்தாட்சி இருந்தால் அங்கே பேச்சு சுருக்கமாக முடியும்.

## அறிகுறி: அப்பை அழித்துவிட்டேன், கார்டில் காசு போகிறது

அப்பை அழிப்பது சந்தாவை முடிக்காது. காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

வங்கிக் கூற்றில் அந்த வரி எப்படி இருக்கிறது? `GOOGLE *` என்று தொடங்கினால் பிளே ஸ்டோர் வழியாகப் போகிறது. `APPLE.COM/BILL` என்றால் ஐபோன் வழி. கம்பனியின் பெயரே இருந்தால் அவர்களுடைய இணையத்தளத்தில் நேராகக் கார்ட் கொடுத்திருக்கிறீர்கள். அங்கேயே உள்நுழைந்துதான் முடிக்க வேண்டும், போன் அமைப்பில் எவ்வளவு தேடினாலும் அந்தச் சந்தா தெரியாது.

பிளே ஸ்டோரில் மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு `Payments & subscriptions`, அதற்குள் `Subscriptions`. ஐபோனில் `Settings`, மேலே உங்கள் பெயர், பிறகு `Subscriptions`. நிறுத்திய பின்பும் கட்டிய காலம் முடியும்வரை சேவை ஓடும், அதனால் "நிறுத்தினேன், இன்னும் வேலை செய்கிறதே" என்று பயப்பட வேண்டாம். ஐபோனில் இலவசக் காலம் முடிவதற்கு 24 மணித்தியாலத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். கடைசி நாள் இரவு நிறுத்துபவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

அந்தப் பட்டியல் வெறுமையாக இருந்தால்? எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு பழகிப்போன காரணம் உண்டு. போன் வாங்கிய நாளில் கடைத் தம்பி தன்னுடைய ஜிமெயிலையோ, அங்கேயே புதிதாகத் திறந்த ஒன்றையோ போட்டுக் கொடுத்திருப்பார். பிறகு நீங்கள் உங்கள் சொந்த ஜிமெயிலைச் சேர்த்திருப்பீர்கள். சந்தா பழைய கணக்கில் கிடக்கும். பிளே ஸ்டோரில் கணக்கை மாற்றி மாற்றி ஒவ்வொன்றிலும் பாருங்கள். போனே மாறிவிட்டது என்றால், பழைய ஜிமெயிலின் கடவுச்சொல்லை மீட்டெடுப்பதுதான் முதல் வேலை.

கூகுள் வழியாகப் போன காசை, வாங்கிய 48 மணித்தியாலத்துக்குள் திருப்பிக் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆப்பிளுக்கு `reportaproblem.apple.com`. சந்தாவை முறையாக முடித்து, முடித்ததற்கான மின்னஞ்சலும் கையில் இருக்க, அதன் பிறகும் காசு எடுத்தால் வங்கிக்குப் போங்கள். "முடித்த சந்தாவுக்கு மீண்டும் எடுத்திருக்கிறார்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். விசா விதியில் இதற்கென்றே ஒரு தகராறு வகை இருக்கிறது, பொதுவாக 120 நாள் அவகாசமும் உண்டு. ஆனால் உங்கள் வங்கி அதைவிடக் குறைந்த நாட்களுக்குள் அறிவிக்கச் சொல்லலாம். ஆகவே கூற்றைக் கண்ட கிழமையிலேயே போங்கள். வங்கி கையை விரித்தால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவு 1935இல் கேட்கும். வங்கிக்குக் கொடுத்த முறைப்பாட்டையும் அதற்கு வந்த பதிலையும்தான் அங்கே முதலில் கேட்பார்கள்.

கார்டை மாற்றினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: சில இடங்களில் புதிய கார்ட் விபரம் கார்ட் வலையமைப்பு வழியாகவே வியாபாரிக்குப் போய்விடும். மாற்றுவது கடைசி மருந்து.

## அறிகுறி: கேட்காத வருடத்துக்கு இன்வொய்ஸ் வந்திருக்கிறது

இதில்தான் பெரிய காசு போகிறது. ஏசி, போட்டோ கொப்பி மெஷின், சிசிடிவி, ஜெனரேட்டர், பூச்சி மருந்து, விடுதிகளுக்கான முன்பதிவு மென்பொருள் எல்லாம் வருட ஒப்பந்தங்கள். ஆங்கிலத்தில் நான்கைந்து பக்கம் இருக்கும். நடுப்பகுதியில் ஒரு வரி, கிட்டத்தட்ட இந்தக் கருத்தில்: முடிவடையும் திகதிக்கு 60 நாட்களுக்குக் குறையாமல் எழுத்தில் அறிவிக்காவிட்டால், இவ்வொப்பந்தம் இதே நிபந்தனைகளில் மேலும் ஒரு வருடத்துக்குத் தானாகப் புதுப்பிக்கப்படும். விளங்காமல் போட்ட கையொப்பமும் கையொப்பம்தான். "எனக்கு இங்கிலீஷ் தெரியாது" என்ற வாதத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

### முதல் சோதனை: அந்த வரி உண்மையில் இருக்கிறதா?

மிக மலிவான காரணம் இது. பல கம்பனிகளின் கணினி, வருடம் முடிந்ததும் இன்வொய்ஸைத் தானாகவே அடித்து அனுப்பிவிடும். ஒப்பந்தத்தில் புதுப்பிப்பு வரியே இருக்காது. சில நேரம் அந்தத் தாளின் மூலையில் "புரொபோமா" என்று சின்ன எழுத்தில் இருக்கும். அது விலை கேட்ட தாள்தான், கடன் இல்லை. நீங்கள் கையொப்பமிட்ட பிரதியை எடுத்து 'ரினிவல்', 'டேர்ம்', 'டேர்மினேஷன்' என்ற தலைப்புகளின் கீழ் வாசியுங்கள். பிரதி இல்லையென்றால் கம்பனியிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் வேண்டாம். அவர்களாலும் கையொப்பமிட்ட தாளைக் காட்ட முடியாமல் போன சம்பவங்கள் உண்டு.

வரி இல்லையா? "எமது ஒப்பந்தம் இன்ன திகதியோடு முடிந்துவிட்டது. புதுப்பிக்க நாம் சம்மதிக்கவில்லை. இன்வொய்ஸை இரத்துச் செய்யவும்" என்று பதில் எழுதுங்கள். வேலை முடிந்தது. ஆனால் பதில் எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள். மூன்று மாத மௌனத்தைப் பிறகு சம்மதமாகப் பேசுவார்கள்.

வரி இருந்தால் அதிலேயே நான்கு விடயங்களைப் பென்சிலால் சுற்றிவையுங்கள்: எப்போது முடிகிறது, எத்தனை நாள் முன்னறிவிப்பு, அறிவிப்பு எப்படி எந்த முகவரிக்குப் போக வேண்டும், புதிய வருடத்தில் விலை மாறலாம் என்று இருக்கிறதா. கடைசி விடயத்தை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், சில நேரம் வெளியேறும் கதவே அங்கேதான் இருக்கும்.

### முன்னறிவிப்புக் காலம் இன்னும் இருந்தால்

கடைசி நாளை எண்ணிப் பாருங்கள், "இரண்டு மாதம்" என்று உத்தேசமாக விடாதீர்கள். ஒப்பந்தம் 2024 ஜூன் 1இல் தொடங்கி 2025 மே 31இல் முடிகிறது, 60 நாள் அறிவிப்பு என்று வைப்போம். மே 31இலிருந்து 60 நாள் பின்னால் போனால் ஏப்ரல் 1 வரும். அன்று கடிதம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அன்று நீங்கள் தபாலில் போட்டால் போதாது. அந்த வருடம் மார்ச் 29, 30 சனி ஞாயிறு, 31 நோன்புப் பெருநாள். ஆக 28ஆம் திகதி பொத்துவிலில் போட்ட கடிதம் கொழும்புக்கு நேரத்துக்குப் போய்ச் சேரும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். கணக்கில் வரும் நாளுக்கு இரண்டு கிழமை முன்னால் அனுப்புவது என் வழக்கம். அதைவிட முன்னால் அனுப்பினால் அநேக ஒப்பந்தங்களில் குற்றமில்லை, "குறையாமல்" என்றுதானே எழுதியிருக்கிறது.

கடிதம் நீளமாக வேண்டாம். காரணம் சொல்லவும் தேவையில்லை. காரணம் எழுதினால் அதற்குப் பதில் சொல்லி இழுப்பார்கள்.

> பொருள்: ஒப்பந்த இலக்கம் ……, திகதி ……
>
> மேற்படி ஒப்பந்தத்தின் …… ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் …… ஆம் திகதி முடிவடையும்போது அதைப் புதுப்பிக்க நாம் விரும்பவில்லை என்பதை இத்தால் அறிவிக்கிறோம். அத்திகதிக்குப் பின் எந்தச் சேவையும் வழங்க வேண்டாம், எந்தக் கட்டணமும் அறவிட வேண்டாம். எமது வைப்புப் பணம் ஏதுமிருப்பின் திருப்பித் தரவும். இக்கடிதம் கிடைத்ததை எழுத்தில் உறுதிப்படுத்தவும்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் என்றால் இதையே ஆங்கிலத்திலும் ஒரு பிரதி வையுங்கள். ஒப்பந்தத்தின் அறிவிப்புப் பிரிவில் உள்ள முகவரிக்கு, பதிவுத்தபாலில், கிடைத்ததை உறுதிப்படுத்தும் அட்டையோடு அனுப்புங்கள். அன்றே அதைப் படம் எடுத்து மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் மின்னஞ்சலையும் எழுத்தாக ஏற்கிறது. இருந்தாலும் ஒப்பந்தம் பதிவுத்தபால் என்று சொன்னால் தபாலை விடாதீர்கள். தபாலகம் தரும் அந்தத் துண்டுச் சீட்டைக் கடிதப் பிரதியின் பின்னால் ஒட்டிவையுங்கள். மேசை லாச்சியில் தனியாகப் போட்டால் ஆறு மாதத்தில் எழுத்து மங்கிக் காணாமலே போகும்.

### காலம் தாண்டிவிட்டால்

இங்கே அவசரப்பட்டு "கட்ட மாட்டேன்" என்று எழுதாதீர்கள். முதலில் மூன்று விடயங்களைத் தேடுங்கள்.

ஒன்று விலை. ஒப்பந்தம் "இதே நிபந்தனைகளில்" புதுப்பிக்கப்படும் என்று சொல்லி, இன்வொய்ஸ் கூடிய விலையில் வந்திருந்தால், அது புதுப்பிப்பே இல்லை, புதிய விலைக்கு ஒரு புதிய அழைப்பு என்று வாதிடலாம். நீங்கள் அதற்குச் சம்மதித்திருக்க வேண்டும். "அப்போதைய கட்டணத்தில்" என்று வரி இருந்தால் இந்த வாதம் எடுபடாது.

இரண்டாவது, போன வருட வேலை முழுதாக நடந்ததா என்பது. வருடத்துக்கு நான்கு சேவிஸ் என்று எழுதியிருந்தால் நான்கு ஜொப் ஷீட் இருக்க வேண்டும். இல்லாத தாளெல்லாம் உங்கள் பக்கத்துப் பேரம்.

மூன்றாவது உங்கள் நடத்தை. முடிந்த திகதிக்குப் பிறகு அவர்களுடைய டெக்னீஷியன் வந்தாரா, வேலை செய்தாரா, யார் கையொப்பம் போட்டது? புதிய காலத்தில் வேலையை வாங்கிக்கொண்டால் ஒப்பந்தத்தை ஏற்றதாகத்தான் எடுப்பார்கள். வெளியேற முடிவெடுத்த நாளிலேயே ரிசெப்ஷனுக்கும் காவலாளிக்கும் சொல்லிவையுங்கள்: அந்தக் கம்பனி ஆள் வந்தால் உள்ளே விட வேண்டாம், எந்தத் தாளிலும் கையொப்பம் வேண்டாம்.

அறுகம்பேயில் ஒரு விடுதியின் கணக்கைச் சொல்கிறேன், மூன்றும் ஒன்றாக வந்த கதை. எட்டு ஏசிக்கு வருடம் 96,000 ரூபாய், நான்கு சேவிஸ். மேலே எண்ணிக் காட்டிய அதே திகதிகள்தான். அறிவிப்பு கொடுக்கவில்லை. 2025 ஜூன் 6ஆம் திகதி டெக்னீஷியன் வந்து எல்லா ஏசியையும் கழுவிவிட்டுப் போனார், ரிசெப்ஷனில் இருந்த தம்பி தாளில் பெயரையும் எழுதிக் கையொப்பமும் போட்டுவிட்டார். அடுத்த கிழமை 1,10,400 ரூபாய்க்கு இன்வொய்ஸ்.

முதலாளி போன் எடுத்து, "தம்பி, இது கட்டத்தான் வேணுமா?" என்றார்.

"ஐயா, கட்டவும் வேணாம், கட்ட மாட்டன் எண்டு சொல்லவும் வேணாம். அந்த பைல அனுப்புங்க" என்றேன்.

பைலில் 2024/25க்கு இரண்டே இரண்டு ஜொப் ஷீட், ஜூன் ஒன்று, ஒக்டோபர் ஒன்று. மற்ற இரண்டும் ஓஃப் சீசனில் வர வேண்டியவை. கம்பனியைக் கேட்டபோது "வந்தோம், கேட் பூட்டியிருந்தது" என்றார்கள். அது பொய் என்று சொல்ல முடியாது. அறுகம்பேயில் நவம்பர் தாண்டினால் பாதி விடுதிகளின் கேட் பூட்டித்தான் இருக்கும். ஆனால் வருவதாக முன்கூட்டி ஒரு மெசேஜ் அனுப்பியதற்கு அத்தாட்சி அவர்களிடமும் இல்லை.

இப்போது எடை போட்டுப் பார்த்தோம். அவர்கள் பக்கம்: தாண்டிப்போன அறிவிப்பு, தம்பியின் கையொப்பம். எங்கள் பக்கம்: "இதே நிபந்தனைகளில்" என்ற வரிக்கு மேல் 15 வீதம் ஏற்றிய விலை, கிடைக்காத இரண்டு சேவிஸ், அதாவது பழைய விலையில் 48,000. நாங்கள் எழுதியது இதுதான்: ஜூன் 6 சேவிஸை விடுபட்ட இரண்டில் ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள், இன்வொய்ஸை மீளப்பெறுங்கள், இரு தரப்பும் அன்றோடு பிரிவோம். அவர்கள் அந்த ஒரு சேவிஸுக்கு 24,000 கேட்டார்கள். இரண்டு மின்னஞ்சலுக்குப் பிறகு 12,000இல் நின்றது. காசைக் கட்டுமுன் "இத்துடன் இரு தரப்புக்கும் எந்தக் கோரிக்கையும் இல்லை, ஒப்பந்தம் முடிவுற்றது" என்று அவர்களுடைய கடிதத்தாளில் வாங்கினோம். இந்த வரி இல்லாமல் கட்டிய காசு பகுதிப் பணமாகப் பதியப்படும், மிச்சம் நிலுவையாக உட்கார்ந்திருக்கும். கணக்கு எழுதுபவன் என்ற முறையில் இதை அழுத்தியே சொல்கிறேன்.

மூன்றில் ஒன்றுமே உங்களுக்குச் சாதகமாக இல்லையென்றால் அந்த வருடத்தைக் கட்டத்தான் வேண்டியிருக்கும். அப்போதும் இரண்டு வேலை மிச்சம்: மாத அல்லது காலாண்டுத் தவணை கேளுங்கள், அடுத்த முடிவுத் திகதிக்கான அறிவிப்பை இன்றே அனுப்பிவிடுங்கள். பதினொரு மாதம் கழித்து ஞாபகம் வரும் என்று நம்ப வேண்டாம், வராது.

## அறிகுறி: அறிவித்தல் கொடுத்தேன், பில் இன்னும் வருகிறது

யாரிடம் கொடுத்தீர்கள் என்று முதலில் பாருங்கள். விற்க வந்த தம்பியின் வட்ஸ்அப்புக்கு அனுப்பியிருந்தால், அவர் வேலையை விட்டே போயிருக்கலாம். ஸ்கிரீன்ஷொட்டை வைத்து இப்போதே முறையான முகவரிக்கு அனுப்புங்கள்; "இன்ன திகதியில் உங்கள் பிரதிநிதிக்கு அறிவித்ததை மீண்டும் உறுதிப்படுத்துகிறோம்" என்று எழுதினால் பழைய திகதியையும் விட்டுக்கொடுக்க மாட்டீர்கள்.

அறிவிப்பு சரியாகப் போயும் காசு போகிறதென்றால் வங்கியைப் பாருங்கள். ஸ்டாண்டிங் ஓர்டர் நீங்கள் வங்கிக்குக் கொடுத்த கட்டளை, கம்பனி அதை நிறுத்தாது. கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்து முத்திரை குத்திய பிரதி வாங்குங்கள். பின்திகதி போட்ட செக்குகள் கொடுத்திருந்தால் முதலில் கம்பனியிடம் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள்; தராவிட்டால் செக் இலக்கங்களோடு வங்கியில் கொடுப்பனவை நிறுத்தச் சொல்லுங்கள். கணக்கில் காசை எடுத்துவிட்டால் செக் தானாகத் திரும்பும் என்று சிலர் செய்கிறார்கள். வேண்டாம், காசில்லாமல் திரும்பும் செக் வேறொரு வழக்கைக் கொண்டுவரும்.

இவ்வளவும் செய்தும் நிற்கவில்லையென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கம்பனி "பார்க்கிறோம், பார்க்கிறோம்" என்று இழுக்கும்போது இந்த மூன்று மாதம்தான் சத்தமில்லாமல் போகிறது. தொலைபேசி 1977. கச்சேரியில் கேட்டால் மாவட்ட அதிகாரிகளிடம் அனுப்புவார்கள். தமிழிலேயே எழுதலாம். ஒப்பந்தப் பிரதி, அறிவிப்புக் கடிதம், தபால் சீட்டு, அதற்குப் பிறகு வந்த பில் ஆகிய நான்கையும் திகதி வரிசையில் இணையுங்கள். விற்கும்போது "எப்போதும் நிறுத்தலாம்" என்று சொல்லியிருந்தால் அதையும் முதல் பந்தியிலேயே எழுதுங்கள். ஏமாற்றும் நடத்தையை அந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு தடுக்கிறது.

## அறிகுறி: "இடையில் போனால் மிச்ச மாதக் காசைக் கட்டு" என்கிறார்கள்

இன்டர்நெட், கேபிள் இணைப்புகளில் வரும். கல்முனையிலிருந்து வீடு மாறிப் போன இடத்தில் அவர்களுக்கு லைனே இல்லை, அப்படியும் கேட்பார்கள். முதல் கட்டாயக் காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். முடிந்து, இப்போது ஓடுவது தானாகப் புதுப்பித்த காலம் என்றால், அதற்கும் அபராதம் உண்டு என்று எந்த வரி சொல்கிறது என எழுத்தில் கேளுங்கள். அநேகமாக அபராத வரி முதல் காலத்தை மட்டும்தான் பேசும்.

அடுத்து, கேட்ட தொகையை உடைத்துத் தரச் சொல்லுங்கள்: பழைய நிலுவை எவ்வளவு, கருவியின் விலை எவ்வளவு, மிச்ச மாத வாடகை எவ்வளவு. ரூட்டரைத் திருப்பிக் கொடுத்தால் நடுவில் உள்ளது விழுந்துவிடும். கொடுக்கும்போது தொடர் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். தொலைத்தொடர்பு இணைப்பு என்றால் 1900 இதற்கும் பொருந்தும்.

## அறிகுறி: சட்டத்தரணியின் கடிதம் வந்திருக்கிறது

இது வரை நீங்களாகச் செய்யலாம். இதற்குப் பிறகு ஆளைப் பிடியுங்கள்.

கோரிக்கைக் கடிதம் மட்டும் வந்திருந்தால் பதற வேண்டாம், ஆனால் அதில் சொன்ன நாட்களுக்குள் பதில் போக வேண்டும். தொகை சிறிதென்றால் சட்டத்தரணியின் கட்டணமே அதைத் தாண்டலாம். முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மத்தியஸ்த சபையிலிருந்து அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி சிறிய தொகைத் தகராறுகள் பல நீதிமன்றம் போகுமுன் அங்கேதான் வர வேண்டும். அங்கே பேசுவதற்கு செலவில்லை, மேலே சொன்ன விலை, விடுபட்ட சேவிஸ் கணக்கெல்லாம் மேசையில் வைத்துப் பேச அது நல்ல இடம். கம்பனி கொழும்பில் இருந்தால் இங்கே ஆள் அனுப்புவது அவர்களுக்கும் செலவு என்பதை ஞாபகம் வையுங்கள்.

நீதிமன்ற அழைப்பாணை வந்தால் அது வேறு கதை. குறித்த நாளில் யாரும் முன்னிலையாகாவிட்டால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வரலாம், பிறகு எவ்வளவு நல்ல தபால் சீட்டு இருந்தாலும் அதைக் காட்டவே தனியாக ஒரு மனு போட வேண்டும். வருமானம் குறைந்தவர்கள் மட்டக்களப்பில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் கேட்கலாம். யாரிடம் போனாலும் கையொப்பமிட்ட ஒப்பந்தம், அறிவிப்புக் கடிதம் தபால் சீட்டோடு, ஜொப் ஷீட்டுகள், கட்டிய காசின் பற்றுச்சீட்டுகள், வந்த கடிதத்தின் உறை ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். உறையை எறிந்துவிடுவார்கள். கடிதம் எப்போது தபாலில் போடப்பட்டது என்பதை அதில் உள்ள தபால் முத்திரைதான் காட்டும்; பதில் சொல்லும் நாட்களை எண்ணும்போது சட்டத்தரணி அதையும் பார்ப்பார்.